குழியா, சென்ட்டா, ஆரா? நில அளவைப் பேசும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒரே நிலத்துக்கு நாலைந்து அளவுகள் வழங்குகின்றன. வீட்டுப் பெரியவர் "ஐம்பது குழி" என்பார். செட்டில்மெண்ட் நகலில் 0-26-75 என்று இருக்கும். கடலூர் பக்கத்திலிருந்து நிலம் பார்க்க வருபவர் "எத்தனை சென்ட்?" என்று கேட்பார். சென்னையிலிருந்து வருபவர் கிரவுண்டில் கேட்பார். மனை போட்டு விற்பவர் சதுர அடியில் விலை சொல்வார். ஐந்து பேரும் ஒரே நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் தம் அளவில் புரிந்துகொண்டால், நஷ்டம் லட்சக்கணக்கில் போகும்.

இந்த இதழுக்கு வரும் நிலம் பற்றிய கேள்விகளில் அளவு சொல்லாமல் வெறும் எண் மட்டும் எழுதப்படுவது உண்டு. "எங்களுக்கு 26 இருக்கிறது, மூன்று பேருக்கு எப்படிப் பிரிப்பது?" என்றால் அது 26 சென்ட்டா, 26 ஆரா, 26 குழியா என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. எனவே ஒரே ஒரு நிலத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எங்கே குழம்புகின்றன, எந்த அளவு என்பதை எப்படி உறுதி செய்வது என்று பார்ப்போம்.

குழி என்பது ஒரு கோல்

குழி என்பது மண்ணில் தோண்டும் குழி அல்ல. நிலம் அளக்கும் கோலை நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை வைத்தால் கிடைக்கும் சதுரமே ஒரு குழி. ஆகவே கோலின் நீளம் மாறினால் குழியின் பரப்பும் மாறும்.

புதுச்சேரி வட்டாரத்தில் வழங்கும் குழி 24 அடிக் கோலால் வந்தது. 24 அடியை 24 அடியால் பெருக்கினால் 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தது ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, ஏறக்குறைய ஒரு ஏக்கர் 32 சென்ட்.

தஞ்சாவூர்ப் பக்கம் வழங்கும் குழி 12 அடிக் கோலால் வந்தது. 12 அடியை 12 அடியால் பெருக்கினால் 144 சதுர அடிதான். அங்கே நூறு குழி ஒரு மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இந்த இரண்டு குழிகளும் பெயரில் ஒன்றுதான், பரப்பில் ஒன்றுக்கு நான்கு. பாகூரில் ஐம்பது குழி உள்ள குடும்பம் டெல்டாவில் சம்பந்தம் பேசப் போய் "ஐம்பது குழி நிலம்" என்று சொன்னால், கேட்பவர் அரை மா என்று நினைத்து, "அவ்வளவுதானா?" என்று கேட்கக்கூடும். உண்மையில் அது இரண்டு மா. கைப்பேசியில் உள்ள அளவு மாற்றும் கணக்கிலும் குழி என்று போட்டால் 144 சதுர அடி என்று வரலாம். 576 என்று வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

பழைய பத்திரங்களில் குழிக்குப் பிறகு வீசம் என்றும் எழுதியிருப்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒரு குழிக்குப் பதினாறு வீசம். ஒரு வீசம் 36 சதுர அடி. பத்திரத்தில் "குழி 3 வீசம் 8" என்று இருந்தால் அது மூன்றரைக் குழி, 2,016 சதுர அடி. இதைப் புள்ளி வைத்து 3.8 குழி என்று படித்தால் 2,188 சதுர அடிக்கு மேல் வரும். இல்லாத 172 சதுர அடிக்கு ஒருவர் பணம் கொடுக்க வேண்டியதாகும். வீசம் பத்துப் பத்தாக ஏறுவதில்லை, பதினாறாக ஏறுகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஆரும் சென்டியாரும் எங்கிருந்து வந்தன?

பிரான்சில் 1795-ல் மெட்ரிக் அளவுகள் சட்டமானபோது நிலத்துக்கென்று வைத்த அளவுதான் ஆர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கொண்ட சதுரம் ஒரு ஆர், அதாவது நூறு சதுர மீட்டர். நூறு ஆர் ஒரு ஹெக்டேர். ஒரு ஆரை நூறாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு சென்டியார், அதாவது ஒரு சதுர மீட்டர்.

பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த புதுச்சேரியில் இந்த அளவு ஆவணங்களில் வந்துவிட்டது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகும், பின்னர் மறு அளவை நடந்து புது எண்கள் கொடுக்கப்பட்ட பிறகும் அது மாறவில்லை. இன்றைக்கும் இங்கே பத்திரங்களில் கெடாஸ்டர் எண் ஒன்றும், மறு அளவை எண் ஒன்றும் சேர்த்தே எழுதுகிறார்கள். பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று பகுதியாக வருகிறது.

நம் உதாரண நிலத்தின் 0-26-75 என்ற எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்: ஹெக்டேர் இல்லை, 26 ஆர், 75 சென்டியார். மொத்தம் 2,675 சதுர மீட்டர். ஒரு குழி 53.5 சதுர மீட்டர். ஐம்பது குழியை 53.5-ஆல் பெருக்கினால் அதே 2,675 வருகிறது. பெரியவர் சொன்ன ஐம்பது குழியும் நகலில் உள்ள 0-26-75-ம் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

இந்த எண்ணை எழுதும்போது ஒரு சிறு கவனம் தேவை. நடுவிலும் கடைசியிலும் எப்போதும் இரண்டிரண்டு இலக்கம் இருக்க வேண்டும். இரண்டு ஆர் ஐந்து சென்டியாரை 0-02-05 என்றுதான் எழுத வேண்டும். அது 205 சதுர மீட்டர். அதை யாராவது 0-2-5 என்று எழுதி, இன்னொருவர் அதை 0-25 என்று நகல் எடுத்தால், 25 ஆர் என்று, அதாவது 2,500 சதுர மீட்டர் என்று படிக்க இடம் உண்டு. பத்திர எழுத்தரிடம் வரைவை வாங்கிப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பூஜ்யங்கள்தான்.

தமிழ்நாட்டுப் பட்டாவிலும் பரப்பு ஹெக்டேரிலும் ஆரிலும்தான் வருகிறது. அங்கே ஆரை ஏர் என்று எழுதுவார்கள். இதே நிலம் எல்லைக்கு அப்பால் இருந்திருந்தால் பட்டாவில் 0 - 26.75 என்று இருந்திருக்கும். ஆகவே காகிதத்தில் இரு பக்கமும் ஒரே அளவுதான். வித்தியாசம் பேச்சில் வருகிறது. அந்தப் பக்கம் சென்ட் கணக்கும், இந்தப் பக்கம் குழிக் கணக்கும் பேசுகிறோம். வில்லியனூர் கொம்யூன் ஊர்கள் விழுப்புரம் மாவட்ட ஊர்களோடும், பாகூர் கொம்யூன் ஊர்கள் கடலூர் மாவட்ட ஊர்களோடும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே குடும்பத்துக்கு எல்லையின் இரு புறமும் நிலம் இருப்பது சாதாரணம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

சென்ட்டும் சென்டியாரும் ஒன்றல்ல

சென்ட் ஏக்கரிலிருந்து வந்தது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. சென்டியார் ஆரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10.76 சதுர அடி. இரண்டு பெயரும் நூறு என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததால் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன. ஆனால் ஒரு சென்ட்டுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சென்டியார் அடங்கும்.

நம் உதாரண நிலத்தையே விற்பனைக்குக் கொண்டு வருவோம். அப்பா காலமாகிவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் செட்டில்மெண்ட் நகலைக் கையில் வைத்திருக்கிறார். தரகர் கேட்கிறார்: "தம்பி, மொத்தம் எத்தனை சென்ட் வரும்?" மகன் நகலைப் பார்த்து, "இருபத்தாறே முக்கால்ண்ணே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நகலில் 26-75 என்றுதான் இருக்கிறது. தரகரும் சென்ட்டுக்கு ஒரு லட்சம் என்று பேசி, இருபத்தாறே முக்கால் லட்சத்துக்கு முன்பணம் கொடுக்கச் சொல்கிறார்.

இப்போது சரியான கணக்கு. 2,675 சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 10.764-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 28,794 சதுர அடி வரும். அதை 435.6-ஆல் வகுத்தால் 66.1 சென்ட். சென்ட்டுக்கு ஒரு லட்சம் என்பதுதான் விலை என்றால் நிலத்தின் மதிப்பு 66 லட்சத்துக்கு மேல். ஆரைச் சென்ட் என்று படித்ததால் மட்டும் 39 லட்சம் விட்டுப்போகிறது.

வாங்குபவருக்கும் இதே ஆபத்து திரும்பிய பக்கமாக வரும். தமிழ்நாட்டில் 66 சென்ட் தோட்டம் பார்த்துப் பழகியவர், இங்கே ஒருவர் "66" என்று சொன்னதும் சென்ட் என்று எண்ணிக்கொண்டு பேசலாம். சொன்னவர் குழியை நினைத்துச் சொல்லியிருந்தால் நிலம் 87 சென்ட்டாக இருக்கும். விலை முடித்துப் பத்திரம் எழுதும் நாளில்தான் "நான் குழி என்றுதானே சொன்னேன்" என்ற பேச்சு எழும்.

பெரிய தவறு கண்ணில் படும், சிறிய தவறு படாது

ஆரைச் சென்ட் என்று எடுத்தால் நிலம் இரண்டரை மடங்கு மாறுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு "இது இருபத்தாறு சென்ட் மாதிரி இல்லையே" என்று சந்தேகம் வந்துவிடும். குழியையும் சென்ட்டையும் மாற்றிப் போட்டால் அப்படிச் சந்தேகம் வராது. புதுச்சேரிக் குழி சென்ட்டைவிட மூன்றில் ஒரு பங்குதான் பெரியது. பத்துக் குழி நிலமும் பத்து சென்ட் நிலமும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

பாகப் பிரிவினையில் இது அடிக்கடி சங்கடம் தரும் இடம். அதே ஐம்பது குழியில் தங்கைக்குப் பத்து குழி கொடுப்பது என்று வீட்டில் பேசி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து குழி என்றால் 5,760 சதுர அடி. எழுதுபவர் எல்லைக்கு அப்பால் உள்ள ஊர்க்காரர். "பத்து" என்றதும் பழக்கத்தில் பத்து சென்ட் என்று எழுதிவிடுகிறார். பத்து சென்ட் 4,356 சதுர அடி. தங்கைக்கு 1,404 சதுர அடி குறைந்துவிட்டது. அது அரை கிரவுண்டுக்கும் அதிகம், ஒரு வீடு கட்டும் இடம். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பத்து என்று பேசினார்கள், பத்து என்று எழுதினார்கள். நிலத்தை அளந்து கல் நடும் நாளில், அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்குவார்கள்.

கிரவுண்டு, மனை, சதுர அடி

கிரவுண்டு என்பது சென்னை வழக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பழைய சென்னைக் கணக்கிலும் ஒரு காணி 57,600 சதுர அடிதான். அதில் 24 கிரவுண்டு. ஆகவே கிரவுண்டும் நம் குழியும் ஒரே காணியிலிருந்து பிரிந்த கிளைகள். ஒரு காணியை நூறாகப் பிரித்தால் குழி, இருபத்து நான்காகப் பிரித்தால் கிரவுண்டு. நம் ஐம்பது குழி சரியாகப் பன்னிரண்டு கிரவுண்டு.

கிரவுண்டைத் தமிழில் மனை என்றும் சொல்வதுண்டு. இங்கே கவனம் தேவை. மனைப்பிரிவு போட்டு விற்பவர்கள் மனை என்று சொல்வது எந்த அளவுள்ள துண்டையும் குறிக்கும். 900 சதுர அடியும் ஒரு மனை, 1,500 சதுர அடியும் ஒரு மனை. "உங்கள் நிலத்துக்கு ஈடாகப் பத்து மனை தருகிறோம்" என்று ஒரு மனைப்பிரிவுக்காரர் சொன்னால், ஒவ்வொரு மனையும் எத்தனை சதுர அடி என்று எழுதி வாங்காதவரை அந்தப் பத்துக்கு அர்த்தம் இல்லை.

சதுர அடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது எந்த ஊரிலும் மாறாது. அதனால் இரண்டு அளவுகளுக்கு இடையே சந்தேகம் வரும்போதெல்லாம் இரண்டையும் சதுர அடிக்குக் கொண்டு வந்து ஒப்பிட வேண்டும். ஆனால் "ஒரு அடி விலை" என்று பேசும்போது அது சாலை, பூங்காவுக்கு விட்ட இடம் போக மீதியுள்ள மனைக்கா, மொத்த நிலத்துக்கா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

எந்த அளவு என்று கண்டுபிடிப்பது எப்படி?

கையில் இரண்டு எண்கள் இருந்தாலே போதும், பாதிக் குழப்பம் தீரும். நம் ஐம்பது குழி நிலத்தின் எண்களை ஓர் இடத்தில் பார்ப்போம்.

50 குழி
26.75 ஆர்
66 சென்ட் (கிட்டத்தட்ட)
12 கிரவுண்டு
28,800 சதுர அடி

இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. குழியின் எண்ணில் பாதிக்குச் சற்று மேலாக இருந்தால் அது ஆர். குழியின் எண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் அது சென்ட். குழியின் எண்ணில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அது கிரவுண்டு. ஆரிலிருந்து சென்ட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டரையால் பெருக்கலாம். இது சரிபார்க்க மட்டுமே. பத்திரத்துக்கு முழுக் கணக்குப் போட வேண்டும்.

விலையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஒரே நிலத்துக்குச் சென்ட் விலை ஒரு லட்சம் என்றால் குழி விலை ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் அளவில் இருக்க வேண்டும். "குழியோ சென்ட்டோ, எல்லாம் ஒரு லட்சம்தான்" என்று யாராவது சொன்னால், அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது கேட்பவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

மூன்றாவது வழி நாற்சீமையைப் பார்ப்பது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழமேல் அடி, தென்வடல் அடி கொடுத்திருந்தால் பெருக்கிப் பார்க்கலாம். கிழமேல் 120 அடி, தென்வடல் 240 அடி என்றால் 28,800 சதுர அடி. 576-ஆல் வகுத்தால் ஐம்பது. ஆக, பத்திரத்தில் உள்ள ஐம்பது புதுச்சேரிக் குழிதான் என்று உறுதியாகிறது. 144-ஆல் வகுத்தால் இருநூறு வரும், ஆகவே அது தஞ்சாவூர்க் குழி அல்ல.

நிலம் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இல்லாவிட்டால் இந்தப் பெருக்கல் ஏமாற்றும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது ஊர் வழக்கம். மூலைகள் நேராக இல்லாத நிலத்தில் அந்த வழி எப்போதும் இருப்பதைவிட அதிகமாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதனால் விற்பவருக்கு அது லாபம், வாங்குபவருக்கு நஷ்டம். சாய்ந்த நிலமாக இருந்தால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, இரண்டு முக்கோணமாகப் பிரித்து அளக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நில அளவைத் துறையில் மனுக் கொடுத்து சர்வேயரைக் கொண்டு அளப்பதே நல்லது.

பத்திரமும் நகலும் ஒத்துப்போகாவிட்டால்

அளவுகளைச் சரியாக மாற்றிய பிறகும் சில நேரம் எண்கள் சேராது. பத்திரத்தில் ஐம்பது குழி என்று இருக்கும், செட்டில்மெண்ட் நகலில் 0-25-90 என்று இருக்கும். வித்தியாசம் 85 சதுர மீட்டர், அதாவது ஒன்றரைக் குழிக்குச் சற்று மேல். இது அளவு மாற்றியதில் வந்த தவறு அல்ல. மாற்றுவதில் வரும் வித்தியாசம் ஐம்பது குழிக்கு ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது.

இப்படி வந்தால் நிலத்தில் காரணம் தேட வேண்டும். சாலைக்கோ வாய்க்காலுக்கோ ஒரு துண்டு போயிருக்கலாம். முன்பு ஒரு பகுதியை விற்று, பழைய பத்திரம் மட்டும் அப்படியே இருக்கலாம். பக்கத்து வரப்பு நகர்ந்திருக்கலாம். பழைய காலத்தில் கோலால் அளந்ததே சற்றுத் தாராளமாக இருந்திருக்கலாம். வில்லங்கச் சான்று எடுத்தால் முன்பு விற்ற துண்டு இருந்தால் தெரியும். புலப்படத்தை வாங்கிப் பக்கங்களை அளந்து பார்த்தால் எந்தப் பக்கம் குறைகிறது என்று தெரியும். நான்கு எல்லைகளும் பத்திரத்தில் தெளிவாக இருந்தால், பரப்பு எண்ணில் உள்ள வித்தியாசத்தைவிட எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக அதிக மதிப்புக் கொடுக்கின்றன. ஆனாலும் இதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. விற்கும் முன், அல்லது பிரிக்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டிச் சரி செய்துகொள்வதே முறை.

முன்பணம் கொடுக்கும் முன்

வாய்ப்பேச்சில் எந்த அளவையும் பேசலாம். எழுதும் இடத்தில் மட்டும் ஒரே பரப்பை மூன்று விதமாக எழுதிவிட வேண்டும். ஆவணத்தில் உள்ள ஹெக்டேர்-ஆர்-சென்டியார் முதலில், குழி அடுத்தது, சதுர அடி கடைசியில். மூன்றில் ஒன்று தவறாக இருந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் போதும்:

"மேற்படி நிலத்தின் பரப்பு ஹெக்டேர் 0 ஆர் 26 சென்டியார் 75. இது குழி ஒன்றுக்கு 576 சதுர அடி வீதம் 50 குழிக்குச் சமம், சுமார் 28,800 சதுர அடி. விலை குழி ஒன்றுக்குப் பேசப்பட்டது. அளந்து பார்க்கும்போது பரப்பு கூடினாலும் குறைந்தாலும் அதே வீதத்தில் தொகை கூட்டவோ குறைக்கவோ படும்."

இதில் "குழி ஒன்றுக்கு 576 சதுர அடி வீதம்" என்ற சொற்கள்தான் முக்கியம். எந்தக் குழி என்ற கேள்விக்கே பிறகு இடமிருக்காது. கடைசி வாக்கியம் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அது இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை மட்டும் எழுதினால், அளந்து குறைந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்வது கடினம்.

பத்திரம் பதியப் போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டும் வரைவில் கெடாஸ்டர் எண், மறு அளவை எண், பட்டா எண், பரப்பு ஆகிய நான்கையும் செட்டில்மெண்ட் நகலோடு விரல் வைத்துப் படித்து ஒப்பிட வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குக் குழியும், படித்த பிள்ளைகளுக்கு மீட்டரும் தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது நல்லது.

கேள்வி அனுப்புபவர்களுக்கு

நிலம் சம்பந்தமான கேள்வியை இந்த இதழுக்கு எழுதும்போது, ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே பார்த்து எழுதுங்கள். அது எந்த ஆவணம், எந்த ஆண்டு, நிலம் எந்த ஊரில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் வழங்கும் அளவை, "எங்கள் ஊர் வழக்கில் இத்தனை குழி" என்று தனியாகக் குறிப்பிடுங்கள். நீங்களே சென்ட்டாக மாற்றி அனுப்ப வேண்டாம். மாற்றியதில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியிருக்காது.

பயிர் பற்றிய கேள்விக்கும் இதே முறைதான். உரப் பரிந்துரைகள் ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் சொல்லப்படுகின்றன. இங்கே பலர் காணிக் கணக்கில் பயிர் செய்கிறார்கள். ஏக்கருக்கு மூன்று மூட்டை என்ற பரிந்துரை ஒரு காணிக்கு நான்கு மூட்டை ஆகும். காணியை ஏக்கர் என்று எண்ணி மூன்று மூட்டை போட்டால் பயிருக்குக் கால் பங்கு குறைந்துவிடும். "ஒரு காணி நெல்" என்று எழுதினால், அதற்கேற்ற அளவை இதழில் போட முடியும்.